நிரப்பிய படிவம் வெறுமையாகத் திரும்பாமல் இருக்க

வகுப்பாசிரியர் ஒருவர், கல்விச் சுற்றுலாவுக்கான சம்மதப் படிவத்தை பி.டி.எஃப். கோப்பாகப் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார். கூடவே "நிரப்பித் திருப்பி அனுப்பவும்" என்று ஒரு வரி. மறுநாள் வந்து சேர்பவை பல விதம். ஒருவரிடமிருந்து படிவம் அப்படியே வருகிறது, ஓர் எழுத்துகூட இல்லாமல். இன்னொருவர் திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் படிவத்தின் மேல்பாதி மட்டும் தெரிகிறது. மற்றொருவர் "சரிங்க டீச்சர், கூட்டிட்டுப் போங்க" என்று செய்தி எழுதியதோடு நிறுத்திக்கொள்கிறார்.

வெறும் படிவம் அனுப்பியவரை அழைத்துக் கேட்டால், "எல்லாத்தையும் நிரப்பித்தானே டீச்சர் அனுப்பினேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பேர், கைபேசி எண், மருத்துவ விவரம் என ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்திருப்பார். ஆனால் அவர் எழுதியது ஒரு கோப்பில், அவர் அனுப்பியது வேறொரு கோப்பு. இது எப்படி நடக்கிறது என்று புரிந்தால், பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கட்டங்களுக்குள் என்ன நடக்கிறது?

பி.டி.எஃப். என்ற கோப்பு வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நிரப்பக்கூடிய கட்டங்கள் அதன்பின் சில ஆண்டுகளில் சேர்ந்தன. அதனால் நிரப்பத்தக்க படிவம் ஒன்றில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. பள்ளியின் பெயர், கேள்விகள், கோடுகள் எல்லாம் அச்சிட்ட தாளைப்போல அடியில் அசையாமல் கிடக்கின்றன. நாம் எழுதுவது அதன் மேல் விரித்த கண்ணாடித் தாளில் பதிகிறது.

இந்த மேல் அடுக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தக் கட்டத்தில் எழுதப்பட்ட விடை அந்தப் பெயரோடு சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. அந்த விடை திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்ற தோற்றம் தனியாக இன்னோர் இடத்தில் சேமிக்கப்படுகிறது. நிரப்பும் ஆப் இரண்டையும் எழுதி வைத்தால்தான், பெறுபவர் எந்த ஆப்பில் திறந்தாலும் விடை தெரியும். விடையை மட்டும் எழுதிவிட்டுத் தோற்றத்தை எழுதாமல் விடும் ஆப்களும் உண்டு. அப்படிப்பட்ட கோப்பு ஆசிரியரிடம் போனால், கட்டம் வெறுமையாகக் காட்சி தரும். உள்ளே விடை இருக்கும்.

இன்னொரு சிக்கல் கைபேசியில்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டால், அது ஏதோ ஒரு பி.டி.எஃப். ஆப்பில் திறக்கும். சில ஆப்கள் படிக்க மட்டுமே உதவும். கட்டத்தைத் தொட்டாலும் விசைப்பலகை வராது. நிரப்ப உதவும் ஆப்பில் திறந்தால், நிரப்பியது புதிய நகலாகச் சேமிக்கப்படும். வாட்ஸ்அப் உரையாடலில் இருக்கும் மூலக் கோப்பு தொடப்படாமல் அப்படியே இருக்கும். பெற்றோர் நிரப்பி முடித்துவிட்டு, மறுபடி வாட்ஸ்அப்புக்கு வந்து, ஆசிரியர் அனுப்பிய அந்தச் செய்தியையே அழுத்திப் பிடித்து அவருக்குத் திருப்பி அனுப்பினால், போவது வெறும் படிவம்தான். வெறும் படிவங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே கடிதம் அழுத்திச் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: எந்த ஆப்பில் நிரப்பினீர்களோ, அந்த ஆப்பிலிருந்தே அனுப்புங்கள். மற்ற எல்லா வழிமுறைகளும் இதைச் சுற்றி அமைய வேண்டும்.

ஒரு கடிதம், முழுமையாக

காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு, பி பிரிவை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 24, சனிக்கிழமை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு முன்பே படிவங்கள் கைக்கு வந்தால்தான் பேருந்தும் உணவும் ஏற்பாடு செய்ய முடியும். வகுப்பாசிரியரின் கடிதம் இப்படி இருக்கலாம்.

> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> வணக்கம். எட்டாம் வகுப்பு பி பிரிவு மாணவர்களை ஜனவரி 24, சனிக்கிழமை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் செல்கிறோம். காலை 6 மணிக்குப் பள்ளியிலிருந்து பேருந்தில் புறப்பட்டு, மாலை 4 மணிக்குத் திரும்புவோம். வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள் உடன் வருவார்கள். காலை உணவும் மதிய உணவும் பள்ளி தரும். கட்டணம் இல்லை.
>
> உங்கள் பிள்ளை வர உங்களுக்குச் சம்மதமா, இல்லையா என்பதை இத்துடன் உள்ள படிவத்தில் தெரிவியுங்கள். ஜனவரி 12, திங்கள் மாலை 5 மணிக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும்.
>
> கைபேசியில் நிரப்பும் முறை:
>
> 1. பிளே ஸ்டோரில் அடோபி அக்ரோபேட் ரீடர் என்ற ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இந்தப் படிவத்தை நிரப்பக் கட்டணம் எதுவும் செலுத்தத் தேவையில்லை.
>
> 2. வாட்ஸ்அப்பில் வந்த படிவத்தைத் தொடுங்கள். எந்த ஆப்பில் திறக்க என்று கேட்டால் அக்ரோபேட்டைத் தேர்ந்தெடுங்கள். வேறு ஆப்பில் திறந்துவிட்டால், மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Open with வழியாக அக்ரோபேட்டுக்கு மாறுங்கள்.
>
> 3. "மாணவர் பெயர்" கட்டத்தைத் தொடுங்கள். விசைப்பலகை மேலே வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வரவில்லை என்றால் 2-ஆம் படிக்குத் திரும்புங்கள்.
>
> 4. பெயரை மாற்றுச் சான்றிதழில் உள்ளபடி ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நிரப்புங்கள். கைபேசி எண்ணை +91 இல்லாமல், இடைவெளி விடாமல், பத்து இலக்கங்களாக எழுதுங்கள்.
>
> 5. "சம்மதம்", "சம்மதம் இல்லை" இரண்டில் ஒன்றைத் தொடுங்கள். புகைப்படம் பற்றிய கேள்வி தனியாக உள்ளது. அதற்கும் தனியாக விடை தாருங்கள்.
>
> 6. கையொப்ப இடத்தில் உங்கள் முழுப் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள்.
>
> 7. சேமியுங்கள். நகலாகச் சேமிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்க இடம் கிடைத்தால், வகுப்பும் பிள்ளையின் வரிசை எண்ணும் வரும்படி `8B-17` என்பதுபோல வையுங்கள்.
>
> 8. அக்ரோபேட்டிலேயே Share என்பதைத் தொட்டு, வாட்ஸ்அப்பில் என் எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்புக்குத் திரும்பி வந்து, நான் அனுப்பிய கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது வெறும் படிவமாகத்தான் வரும்.
>
> 9. அனுப்பிய பிறகு, நீங்கள் அனுப்பிய கோப்பை ஒருமுறை தொட்டுத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியது தெரிந்தால் வேலை முடிந்தது.
>
> படிவத்தை வகுப்புக் குழுவில் போட வேண்டாம். எனக்கு மட்டும் அனுப்புங்கள்.
>
> கைபேசியில் நிரப்ப இயலாதவர்களுக்கு அச்சிட்ட படிவம் பள்ளி அலுவலகத்தில் உள்ளது. நிரப்பிப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பலாம். இரண்டும் ஒன்றே.
>
> சந்தேகம் இருந்தால் மாலை 4 முதல் 6 மணிக்குள் என்னை அழையுங்கள்.
>
> இப்படிக்கு,
> வகுப்பாசிரியர், 8 பி

இந்தக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு படிவம் கெட்டுப்போன இடத்திலிருந்து வந்தது. முக்கியமான சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

ஏன் ஒரே ஓர் ஆப்?

நிரப்பத்தக்க படிவத்தை நிரப்ப அக்ரோபேட்டை விட்டால் வேறு வழியில்லை என்பதல்ல. ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுள் டிரைவ் மூலம் திறந்தாலும் நிரப்பலாம். ஐபோனில் படிவத்தை Files என்ற இடத்தில் சேமித்து, அங்கிருந்து திறந்து நிரப்பலாம். கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளே போதும். ஆனால் கடிதத்தில் நான்கு வழிகளையும் எழுதினால், பெற்றோர் எதையும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். ஒரு வழியைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, மற்ற வழி தெரிந்தவர்கள் அதையே பின்பற்றலாம் என்று விட்டுவிடுவது நல்லது. நன்கு தெரிந்தவருக்குக் கடிதம் தேவையில்லை. கடிதம் முதல்முறை நிரப்புபவருக்கானது.

கணினியில் நிரப்புபவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. குரோமில் நிரப்பிவிட்டு இறக்கும்போது, உங்கள் மாற்றங்களோடு இறக்கவா, மாற்றங்கள் இல்லாமலா என்று அது கேட்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், எழுதியதெல்லாம் போய் வெறும் படிவம்தான் கிடைக்கும். பிரவுசிங் சென்டரில் நிரப்புபவர்கள், அனுப்பி முடித்ததும் டவுன்லோடு பகுதியில் உள்ள கோப்பை அழித்துவிட்டு வர வேண்டும். பிள்ளையின் உடல்நிலையும் வீட்டு எண்ணும் அடுத்து உட்காருபவர் கண்ணில் படக் கூடாது.

மூன்றாம் படியில் சொன்ன விசைப்பலகைச் சோதனையைக் கவனியுங்கள். "நிரப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. கட்டத்தைத் தொட்டால் விசைப்பலகை வருகிறதா, இல்லையா என்பது எவருக்கும் உடனே தெரியும். இதுபோலத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அடையாளங்களைக் கடிதத்தில் தந்தால், பாதி அழைப்புகள் குறையும்.

தமிழில் எழுதினால் என்ன ஆகும்?

தமிழ்ப் பெற்றோருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வது ஆசிரியருக்கே மனம் ஒப்பாத விஷயம்தான். ஆனால் இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

படிவத்தில் அச்சாகியுள்ள தமிழ்க் கேள்விகள் எந்தக் கைபேசியிலும் சரியாகத் தெரிகின்றன. ஏனென்றால் அந்த எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நிரப்பும் கட்டத்தின் கதை வேறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த எழுத்துருவில் விடையைக் காட்ட வேண்டும் என்று படிவத்தை உருவாக்கும்போது குறிக்கப்படுகிறது. யாரும் மாற்றாவிட்டால் அது பெரும்பாலும் ஹெல்வெடிகா என்ற ஆங்கில எழுத்துருவாக இருக்கும். அதில் தமிழ் எழுத்துகளே இல்லை. சில ஆப்கள் கைபேசியில் உள்ள தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்துச் சமாளிக்கும். சில ஆப்கள் வெறும் சதுரங்களைக் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது.

எழுத்துரு இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி முதலில் "க" வையும் பிறகு "ஒ" காரக் குறியையும் வரிசையாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை "க" வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத ஆப்பில் கொம்பு இடம் மாறி நிற்கும், எழுத்து உடைந்து கிடக்கும். "கௌசல்யா", "கோபாலகிருஷ்ணன்" போன்ற பெயர்கள் இதில்தான் சிதைகின்றன.

தமிழிலேயே நிரப்ப வைக்க விரும்பும் பள்ளி அதைச் செய்யலாம். கட்டங்களுக்குத் தமிழ் எழுத்துருவைக் குறித்துப் படிவத்தை உருவாக்கி, "கௌ", "கோ", "ஸ்ரீ" மூன்றும் வரும் ஒரு பெயரை விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றிலும் ஐபோன் ஒன்றிலும் நிரப்பி அனுப்பிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் சரியாக வந்தால் தமிழிலேயே கேட்கலாம். வராவிட்டால், பெயரையும் எண்ணையும் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, மருத்துவ விவரத்தை மட்டும் தமிழில் தனிச் செய்தியாக எழுதச் சொல்லலாம். பிள்ளைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதைப் பெற்றோர் தம் மொழியில் தெளிவாகச் சொல்வது, படிவம் அழகாக இருப்பதைவிட முக்கியம்.

கைபேசி எண்ணில் +91 வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுபோன்ற காரணம்தான். கட்டத்தில் பத்து எழுத்துகளுக்கு மேல் ஏற்காதபடி படிவத்தை அமைத்திருப்பார்கள். ஒருவர் +91 சேர்த்துத் தொடங்கினால், அவை மூன்று இடங்களைப் பிடித்துக்கொள்ளும். எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் உள்ளே போகாது. பெற்றோர் அதைக் கவனிக்க மாட்டார். அவசரத்தில் அழைக்க வேண்டிய நாளில்தான் எண் குறைவது தெரியும்.

கையொப்பம்

படிவம் உருவாக்கும் மென்பொருளில் கையொப்பக் கட்டம் என்று ஒரு தனி வகை உண்டு. பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது கையால் வரையும் கையெழுத்துக்கானது அல்ல; டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருப்பவர் மின்னணு முறையில் ஒப்பமிடுவதற்கானது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகரிப்பது அத்தகைய ஒப்பத்தை. தணிக்கையாளர்களிடமும் நிறுவன இயக்குநர்களிடமும் அது இருக்கும். சாதாரணப் பெற்றோரிடம் இருக்காது. அவர்கள் அந்தக் கட்டத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்காது, அல்லது புரியாத கேள்விகள் வரும். படிவம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அதனால் ஒரு நாள் பயணத்துக்கான சம்மதத்துக்கு, கையொப்ப இடத்தில் சாதாரண எழுத்துக் கட்டம் வைத்து, முழுப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்வது எளிது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெற்றோரின் எண்ணிலிருந்தே படிவம் வருகிறதா என்று ஆசிரியர் சரிபார்த்துக்கொண்டால், அனுப்பியவர் யார் என்பது உறுதியாகும். வேறு எண்ணிலிருந்து வந்தால் ஒருமுறை அழைத்துப் பேசிவிட வேண்டும். கையெழுத்தே வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் சொன்னால், ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கையெழுத்திட்டு, தாளையே பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்வது எல்லோருக்கும் நல்லது.

வெறுமையாக வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இவ்வளவு எழுதியும் சில படிவங்கள் வெறுமையாக வரலாம். வரிசை எண் 17-இன் படிவம் அப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரை அழைக்கும் முன் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒரு சிறு சோதனை. கோப்பை நிரப்பும் வசதியுள்ள ஆப்பில் திறந்து, "மாணவர் பெயர்" கட்டத்தின் மேல் விரலை வைக்க வேண்டும்.

தொட்டவுடன் பெயர் தோன்றி, வேறு இடத்தைத் தொட்டதும் மறைந்துவிட்டால், விடை உள்ளே இருக்கிறது, தோற்றம்தான் சேமிக்கப்படவில்லை. அந்தப் பெற்றோர் வேறு ஏதோ ஆப்பில் நிரப்பியிருக்கிறார். அவரை மறுபடி நிரப்பச் சொல்லத் தேவையில்லை. ஆசிரியரே அந்த விடைகளைக் கட்டம் கட்டமாகத் தொட்டுப் படித்துக்கொள்ளலாம். அல்லது பெற்றோரிடம், நிரப்பிய அதே ஆப்பில் அச்சிடும் வசதியைத் திறந்து, அச்சுப்பொறிக்குப் பதில் Save as PDF என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் புதிய கோப்பை அனுப்பச் சொல்லலாம். அப்படிச் செய்யும்போது இரண்டு அடுக்குகளும் ஒன்றாகி, எழுதியது பக்கத்திலேயே பதிந்துவிடும். பிறகு எங்கு திறந்தாலும் தெரியும்.

தொட்டும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், வந்திருப்பது ஆசிரியர் அனுப்பிய அதே மூலக் கோப்பு. பெற்றோர் நிரப்பிய நகல் அவர் கைபேசியில் பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு. "அக்ரோபேட்டைத் திறங்கம்மா, முதல்ல தெரியிற ஃபைலைத் தொடுங்க, நீங்க எழுதுனது இருக்கா? அங்கிருந்தே எனக்கு ஷேர் பண்ணுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பகிரும்போது இணைப்பு அனுப்பவா, நகல் அனுப்பவா என்று ஆப் கேட்டால், நகலைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். இணைப்பு என்றால் கோப்பு இணையத்தில் வேறோர் இடத்தில் ஏற்றப்பட்டு, அதன் முகவரி மட்டும் ஆசிரியருக்கு வரும். பிள்ளையின் விவரம் அங்கே கிடக்க வேண்டியதில்லை.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. பெற்றோர் பலரும் படிவமே திறக்கவில்லை என்றும், Please wait என்று தொடங்கும் ஓர் ஆங்கில அறிவிப்பு மட்டும் தெரிகிறது என்றும் சொன்னால், பிழை பெற்றோரிடம் இல்லை. அந்தப் படிவம் எக்ஸ்.எஃப்.ஏ. என்ற பழைய முறையில் உருவாக்கப்பட்டது. கணினியில் உள்ள அடோபி மென்பொருளைத் தவிரப் பெரும்பாலானவை அதைத் திறக்காது. கைபேசி ஆப்களிலும் திறக்காது. 2017-இல் வந்த பி.டி.எஃப். தரநிலை இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. படிவத்தைச் சாதாரண முறையில் புதிதாக உருவாக்கி அனுப்புவதே தீர்வு. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் படிவத்தைத் தயாரித்து பி.டி.எஃப். ஆக மாற்றினால் இந்தச் சிக்கல் வராது.

இந்த மூன்றையும் முன்கூட்டியே தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. கடிதத்தை வகுப்புக்கு அனுப்பும் முன், பள்ளியில் கணினி வேலை பார்க்காத ஒருவரிடம், உதாரணமாக அலுவலக உதவியாளரிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ, கடிதத்தையும் படிவத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, எதையும் வாயால் விளக்காமல் நிரப்பித் தரச் சொல்ல வேண்டும். அவர் எந்தப் படியில் தயங்குகிறாரோ, அந்தப் படியின் வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சம்மதம் என்பது எதற்கு?

கடைசியாக, படிவம் எதைக் கேட்கிறது என்பது. பயணத்துக்கான சம்மதத்தையும் புகைப்படத்துக்கான சம்மதத்தையும் ஒரே கட்டத்தில் கேட்பது பல படிவங்களில் காணும் பழக்கம். பிள்ளை பறவைகளைப் பார்க்கட்டும், ஆனால் அவள் படம் பள்ளியின் முகநூல் பக்கத்தில் வர வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு அந்தப் படிவத்தில் இடமே இருக்காது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, கட்டாயமின்றித் தரப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. இரண்டு கேள்விகள், இரண்டு விடைகள் என்று பிரிப்பதுதான் இதற்குப் பொருந்தும் படிவம்.

"சம்மதம்", "சம்மதம் இல்லை" என்ற இரண்டில் எதுவும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடாது. வட்ட வடிவத் தேர்வுகளை ஒரே குழுவாக அமைத்தால், ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக விலகும். இரண்டையும் தொட்டு வைத்த குழப்பமான படிவம் வராது. படிவம் திரும்பி வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெற்றோரை அழைத்துக் கேட்க வேண்டும். விடை கிடைக்கும் வரை பேருந்துப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் ஏறக் கூடாது.

மனம் மாறவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, தருவது போலவே எளிதாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எனவே கடிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: "சம்மதம் தந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால், புறப்படும் நாளின் காலைவரை எனக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை." பயணம் முடிந்த பிறகு ஆசிரியர் தம் கைபேசியில் உள்ள படிவங்களைப் பள்ளிக் கணினியில் சேர்த்துவிட்டு, கைபேசியிலிருந்து அழித்துவிட வேண்டும். அதையும் கடிதத்திலேயே சொல்லிவிட்டால், மருத்துவ விவரத்தை எழுதத் தயங்கும் பெற்றோரும் துணிந்து உண்மையை எழுதுவார்கள்.